குழுவிடம் கொடுக்கும் தாள்

அரைநாள் பயிலரங்கு என்றால் காலை 9.30 முதல் பகல் 1 மணி வரை. வரவேற்புரை, பொன்னாடை, தேநீர் எல்லாம் போக, குழு வேலைக்கும் குழு அறிக்கைக்கும் ஒன்றேகால் மணி நேரம் மிஞ்சினால் பெரிது.

தலைமையாசிரியர்கள் 30 பேர், ஆறு பேர் வீதம் ஐந்து குழு என்று வைத்துக்கொள்வோம். 'மாணவர் வருகைக் குறைவு பற்றி விவாதிக்கவும்' என்று தாளில் இருந்தால், ஐந்து குழுவும் வறுமை, செல்போன், பெற்றோரின் அக்கறையின்மை என்றுதான் எழுதிவரும். அதற்குப் பயிலரங்கே தேவையில்லை.

அதற்குப் பதில், பெயர்களை மாற்றி, எட்டாம் வகுப்பின் ஒரு மாத வருகைப் பதிவேட்டைக் கொடுங்கள். ஒரு பையன் செவ்வாய்தோறும் வரவில்லை. அன்று ஊரில் சந்தை. ஒரு பெண் மாதத்தில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை. இன்னொருவன் பத்து நாளாக வரவே இல்லை. இப்படி ஏழெட்டுப் பேர். கேள்வி இதுதான்: இந்த வாரம் எந்த மூன்று வீட்டுக்குப் போவீர்கள், யார் போவது, போனதும் முதலில் என்ன கேட்பீர்கள்? மூன்றுதான் என்று வரம்பு வைத்ததால் சண்டை வரும். பத்து நாள் வராதவன் அவசரமா, இன்னும் வந்துகொண்டிருக்கும் சந்தைப் பையனா? அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டும்.

நேரம் 45 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் பேசாமல் தனித்தனியாக எழுதட்டும். இல்லையென்றால் குழுவில் மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடும். அரைமணி நேரம் விவாதம். கடைசிப் பத்து நிமிடம்தான் ஸ்லைடு. முதலிலேயே மடிக்கணினியைத் திறந்தால், தட்டச்சு தெரிந்த ஒருவர் விவாதத்திலிருந்து கழன்றுவிடுவார். பத்தாவது நிமிடத்தில் ஒரு சுற்று வாருங்கள். யார் தாளிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றால் கேள்வி புரியவில்லை என்று பொருள்.

ஸ்லைடை நீங்களே கட்டம் போட்டு வைத்துவிடுங்கள். குழுவுக்கு ஒன்றே ஒன்று. மூன்று வரி மூன்று வீட்டுக்கு. நான்காவது வரி, 'எதில் ஒத்துப்போகவில்லை?' பெரும்பாலும் அந்த நான்காவது வரியில்தான் சரக்கு இருக்கும். எழுத்து 28 புள்ளிக்குக் குறைந்தால் கடைசி வரிசைக்குத் தெரியாது. ஐந்து குழுவும் ஒரே கோப்பில், யுனிகோடில் எழுதட்டும். பழைய எழுத்துருவில் அடித்துப் பென்டிரைவில் கொண்டுவந்தால், திரையில் தமிழ் இருக்காது, கிறுக்கல்தான் இருக்கும். அதைச் சரிசெய்வதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

அறிக்கைக்குக் குழுவுக்கு நான்கு நிமிடம், கேள்விக்கு இரண்டு. ஆக 30 நிமிடம். முதல் குழு முழுவதும் சொல்லட்டும். மற்றவர்கள் தாங்கள் மாறுபட்ட இடத்தை மட்டும் சொன்னால் போதும். இல்லாவிட்டால் ஐந்தாவது குழு பேசும்போது அரங்கம் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். முந்தின நாளே குழுவிடம் கொடுக்கும் தாளை அலுவலகத்தில் இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். 'இதில் என்ன செய்யணும்?' என்று அவர்கள் கேட்டால், அன்று மாலையே திருத்தி எழுதிவிடுங்கள்.