போன் தொலைந்தால் வாட்ஸ்அப்பை என்ன செய்வது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. போன் தொலைஞ்சு போச்சு, இல்ல எவனோ எடுத்துட்டான். அதுக்குள்ள இருக்கிற வாட்ஸ்அப்பை எப்படிப் பத்திரப்படுத்துறது, எப்ப அழிக்கிறது? போன் போனால் நாம முதலில் நினைக்கிறது அதோட விலையை. ஆனா ஒரு ஊக்குநரோட போனுக்குள்ள பன்னிரண்டு பேரோட ஆதார் படம், பாஸ்புக் முதல் பக்கம், கடன் மனு எல்லாம் இருக்கும். அதைவிட முக்கியம், அவங்க பேரிலே வர்ற செய்தியை மத்த பதினோரு பேரும் நம்புவாங்க. திருடனுக்கு அந்த நம்பிக்கைதான் காசு.

எங்க பக்கத்துக் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்றேன். பேர் வேண்டாம். அந்த ஊக்குநர் அக்கா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குப் பஸ்ஸில் வந்தாங்க. நல்ல கூட்டம். இறங்கிப் பையைப் பார்த்தா போன் இல்லை. மணி ஆறு. வீட்டுக்காரர் போனை வாங்கித் தன் நம்பருக்குப் போட்டாங்க. முதல் தடவை மணி அடிச்சுது. இரண்டாவது தடவை சுவிட்ச் ஆஃப்.

அடுத்து அவங்க செஞ்சது சரியான காரியம். சிம் கம்பெனியோட வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, "சிம்மை உடனே நிறுத்துங்க"ன்னு சொன்னாங்க. பேர், பிறந்த தேதி, கடைசியா எவ்வளவுக்கு ரீசார்ஜ் பண்ணீங்கன்னு கேட்டாங்க. சொன்னதும் நிறுத்திட்டாங்க.

சிம்மை ஏன் முதலில் நிறுத்தணும்? உங்க போனுக்குப் போட்ட லாக் சிம்மைக் காப்பாத்தாது. அதைக் கழற்றி வேற போனில் போட்டு, வாட்ஸ்அப்பில் உங்க நம்பரை அடிச்சா, ஆறு இலக்க ரகசிய எண் அந்த சிம்முக்குத்தான் எஸ்எம்எஸ்ஸா வரும். அதைப் போட்டுட்டா உங்க கணக்கு அவன் கைக்குப் போயிடும். சிம் செத்துட்டா அந்த எண் வராது, அந்த வழி அடைபட்டுடும். பேங்க் ஓடிபியும் அதே சிம்முக்குத்தானே வருது? அதனால சிம்மை நிறுத்தின கையோட பேங்குக்கும் சொல்லி, ஜிபே மாதிரி பணம் அனுப்புற வசதியையும் நிறுத்தச் சொல்லணும்.

ஆனா இங்கேதான் பல பேர் ஏமாறுறாங்க. சிம் நின்னுட்டா வாட்ஸ்அப்பும் நின்னுடும்னு நினைக்கிறாங்க. நிற்கும்னு நம்பக் கூடாது. வாட்ஸ்அப்புக்குச் சிம் தேவைப்படுறது முக்கியமா முதன்முதலில் பதிவு பண்ணும்போது. ஏற்கெனவே திறந்திருக்கிற வாட்ஸ்அப், சிம் இல்லாமலே யாரோட வைஃபையிலும் ஓடலாம். அந்த அக்கா போனுக்கு லாக் போடலை. அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அவங்க நம்பரிலிருந்து இரண்டு உறுப்பினர்களுக்குச் செய்தி வந்தது: "அவசரம். 4000 ரூபாய் அனுப்புங்க. நாளைக்குத் தந்துடறேன்." சிம்மை நிறுத்தி மூணு மணி நேரத்துக்கு அப்புறம்!

யாரும் பணம் அனுப்பலை. ஏன்னா ஆறரை மணிக்கே அந்தக் குழுவோட பிரதிநிதி ஒவ்வொரு உறுப்பினருக்கும் போன் போட்டு வாயால சொல்லியிருந்தாங்க: "அக்கா போன் தொலைஞ்சிருக்கு. அந்த நம்பரிலிருந்து எது வந்தாலும் நம்பாதீங்க. குழுவிலே எதுவும் எழுதாதீங்க." கவனிங்க, வாட்ஸ்அப் குழுவில் எழுதலை, போன் போட்டுச் சொன்னாங்க. தொலைஞ்ச போனும் அந்தக் குழுவிலேதான் இருக்கு. நாம எழுதுறதைத் திருடனும் படிப்பான்.

தொலைஞ்ச போனில் வாட்ஸ்அப் இன்னும் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன வழி இருக்கு. வேற போனிலிருந்து அந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி மட்டும் அனுப்பிப் பாருங்க. ஒரு டிக்கோட நின்னா இப்போதைக்கு அந்தப் போன் நெட்டில் இல்லை. இரண்டு டிக் விழுந்தா எங்கேயோ நெட்டில் இருக்குன்னு அர்த்தம். ஒரு டிக்கைப் பார்த்துட்டு நிம்மதியா இருந்துடக் கூடாது. நாளைக்கு வைஃபை கிடைச்சா அது இரண்டாகும்.

அப்ப அதை எப்படி நிறுத்துறது? உறுதியான வழி, அதே நம்பருக்கு வேற சிம் வாங்கி, வேற போனில் உங்க வாட்ஸ்அப்பைத் திறக்கிறது. ஒரு நம்பரைப் புதுப் போனில் பதிவு பண்ணின நிமிஷமே பழைய போனில் அது தானா வெளியேறிடும். புதுப் போன் வாங்கணும்னு இல்லை, வீட்டில் கிடக்கிற பழைய ஸ்மார்ட் போனே போதும்.

அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கினாங்க. திங்கட்கிழமை காலையில் ஆதாரோட சிம் கம்பெனி ஷோரூமுக்குப் போய், அதே நம்பருக்கு வேற சிம் வாங்கினாங்க. சிம் வேலை செய்ய ஆரம்பிச்சதும் வாட்ஸ்அப்பில் நம்பரை அடிச்சாங்க. ரகசிய எண் வரவே இல்லை. "இன்னாம்மா இது, மறுபடியும் ஏமாந்துட்டனா?"ன்னு அழுதுட்டாங்க. அது ஏமாற்று வேலை இல்லை. சிம் மாத்தினா முதல் 24 மணி நேரம் அதுக்கு எஸ்எம்எஸ் வராமல் தடுத்து வைக்கணும்னு தொலைத்தொடர்புத் துறையே உத்தரவு போட்டிருக்கு, நம்ம பாதுகாப்புக்காகத்தான். ஆனா அழைப்பு வரும். வாட்ஸ்அப் திரையில் கொஞ்ச நேரம் காத்திருந்தா Call me என்று ஒரு வழி காட்டும். அதைத் தொட்டா போன் வரும், ஒரு குரல் ஆறு எண்களையும் சொல்லும். அப்படித்தான் அக்கா திங்கட்கிழமை மதியத்துக்குள் கணக்கைத் திரும்பப் பிடிச்சாங்க. பழைய குழுக்களிலும் அப்படியே இருந்தாங்க.

ஆறு எண் போட்ட பிறகு, நீங்க வைக்காத இன்னொரு பின் நம்பரைக் கேட்டா, திருடன் இடையில் அதை வைச்சிருக்கான்னு அர்த்தம். பயப்படாதீங்க. எஸ்எம்எஸ் எண்ணையோ குரல் எண்ணையோ போட்ட உடனே அவன் வெளியேறியாச்சு. நீங்க உள்ளே போகத்தான் ஏழு நாள் காத்திருக்கணும். உள்ளே போனதும் Linked devices என்பதைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டரோ போனோ இணைஞ்சிருந்தா Log out கொடுங்க.

சில பேருக்கு உடனே சிம் கிடைக்காது. சிம் வேற யார் பேரிலோ இருக்கும், இல்ல நம்பர் வெளியூர்க்காரர் பேரில் வாங்கினதா இருக்கும். அவங்க வாட்ஸ்அப் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கணக்கை நிறுத்தச் சொல்லலாம். முகவரி support@whatsapp.com. கடிதத்தில் இந்த வரியை இப்படியே எழுதி, கீழே நம்பரைப் போடணும். முன்னால் +91 கட்டாயம்.

```
Lost/Stolen: Please deactivate my account
+91 (உங்கள் பத்து இலக்க எண்)
```

இப்படி நிறுத்தினா கணக்கு அழியாது, தூங்கும். 30 நாளுக்குள் நீங்க திரும்ப வந்தா, இடையில் வந்த செய்திகள் கிடைக்கும், குழுக்களிலும் இருப்பீங்க. 30 நாள் தாண்டினா கணக்கு முழுசா அழிஞ்சிடும். அதனால மின்னஞ்சல் அனுப்பின தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைங்க.

இப்ப அழிக்கிறதைப் பத்தி. "எதுக்கு வம்பு, அழிச்சுடலாம்"னு அவசரப்படுறவங்க இருக்காங்க. இரண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, தொலைஞ்ச போன் கையில் இல்லாதபோது தூரத்திலிருந்து நேரா அழிக்க முடியாது. முதலில் சொன்ன மாதிரி கணக்கை வேற போனில் பிடிச்சு, அப்புறம்தான் Settings, அதில் Account, அதில் Delete account என்று போய் நம்பரை அடிச்சு அழிக்கணும். போனிலிருந்து வாட்ஸ்அப் படத்தை மட்டும் நீக்கினா கணக்கு அழிஞ்சதா ஆகாது. இரண்டு, அழிச்சா திரும்ப வராது. எல்லாக் குழுக்களிலிருந்தும் பேர் போயிடும், கூகுளில் சேமிச்சு வைச்ச பழைய செய்திகளும் போயிடும்.

அப்ப யார் அழிக்கணும்? அந்த நம்பரையே இனி வைச்சுக்கப் போறதில்லைன்னு முடிவு பண்ணினவங்க அழிக்கணும். விட்டுட்ட நம்பரைக் கம்பெனி 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். உங்க பேரும் படமும் குழுவில் நிற்க, நம்பர் யாரோ ஒருத்தர் கையில் இருக்கக் கூடாது. நம்பரைத் தொடர்ந்து வைச்சுக்கிறவங்களுக்குக் கணக்கைத் திரும்பப் பிடிச்சாலே போதும்.

அழிச்சாலும் போகாதது ஒண்ணு இருக்கு. போனில் ஏற்கெனவே இறங்கின ஆதார் படமும் பாஸ்புக் படமும் அந்தப் போனிலேயே கிடக்கும். அதுக்கு android.com/find என்ற இடத்தில் உங்க ஜிமெயில் கணக்கைப் போட்டு, போனைப் பூட்டவோ முழுசா துடைக்கவோ சொல்லலாம். அந்தப் போன் நெட்டுக்கு வந்தால்தான் அது நடக்கும். ஜிமெயில் பாஸ்வேர்டு தெரியாதவங்க இன்னிக்கே பிள்ளைங்களைக் கேட்டு எழுதி வைங்க.

கடைசியா, 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளம் இருக்கு. sancharsaathi.gov.in என்பதில் போலீஸ் புகார் நகலும் அடையாள அட்டையும் ஏற்றி, போனோட ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தா எந்த சிம் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. ஆனா வைஃபையை அது தடுக்காது. அதனால அதைச் செஞ்சாலும் வாட்ஸ்அப்பைத் தனியா நிறுத்தியே ஆகணும். பணம் போயிருந்தா தாமதிக்காம 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூணு வேலை செய்யுங்க. ஒவ்வொருத்தரும் போனில் *#06# அடிச்சு, திரையில் வர்ற 15 இலக்க எண்ணைத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பேரோட எழுதணும். வாட்ஸ்அப்பில் Settings, Account, Two-step verification போய் ஆறு இலக்க பின் வைக்கணும். குழுவின் வாட்ஸ்அப்புக்கு ஊக்குநர் மட்டும் இல்லாம பிரதிநிதியையும் அட்மின் ஆக்கணும். எழுதத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவங்க செஞ்சு கொடுக்கலாம். ஆனா அந்தப் பின் நம்பரை அவங்களே அடிக்கட்டும்.