கூட்டுப் பணமும் குடும்பக் கணக்கும்
(சங்கக் குடும்பத்தினர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாசாயில் கடை வைத்திருக்கும் எங்களிடம் மாதத் தொடக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "தம்பி, ஒரு கூட்டு ஆரம்பிக்கிறோம், நீங்களும் சேர்றீங்களா?" என்பதுதான். இந்தச் சபையிலும் ஒரு கூட்டிலாவது இல்லாத வீடு குறைவாகவே இருக்கும். ஆகவே கூட்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதன் கணக்கை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம்.

பத்துப் பேர், மாதம் 300 வெள்ளி, பத்து மாதம். மாதந்தோறும் 3,000 வெள்ளி சேர்ந்து ஒருவர் கைக்குப் போகிறது. முதல் மாதம் எடுப்பவர் 300 கட்டி 3,000 பெறுகிறார்; மீதி 2,700 வெள்ளி அவர் நமக்குத் தர வேண்டிய கடன். பத்தாவது ஆள் ஒன்பது மாதம் மற்றவர்களுக்குக் கடன் கொடுத்துவிட்டுத் தன் பணத்தையே கடைசியில் திரும்பப் பெறுகிறார். ஒரே கூட்டில் முன்னால் எடுப்பவர் கடன்காரர், பின்னால் எடுப்பவர் கடன் கொடுத்தவர். "சேமிக்கிறோம்" என்று இருவருமே சொல்வதால்தான் குழப்பம்.

ஏலக் கூட்டு வேறு. அவசரக்காரர் 450 வெள்ளி தள்ளி 2,550க்கு எடுப்பார்; தள்ளியதைப் பத்துப் பேரும் ஆளுக்கு 45 வெள்ளியாகப் பகிர்வார்கள். தள்ளுபடி மாதம் 50 வெள்ளியாகக் குறைந்து பத்தாம் மாதம் இல்லாமல் போனால், கடைசி ஆள் 2,775 கட்டி 3,000 எடுப்பார். 225 வெள்ளி லாபம். இந்தத் தள்ளுபடி வட்டிதான் என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். நம் குடும்பங்கள் பெரும்பாலும் குலுக்கல் கூட்டோடு நிற்பது நல்லதே. ஆனால் குலுக்கலில் லாபம் என்று ஒரு காசும் கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆபத்து இரண்டுக்கும் ஒன்றுதான். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சேர்ந்திருந்த பத்துப் பேர் குலுக்கல் கூட்டில் எங்களுக்கு ஒன்பதாவது மாதம் விழுந்தது. இரண்டாவது மாதம் எடுத்தவர் மூன்றாம் மாதப் பணத்தை ஒரு வாரம் தாமதமாகத் தந்தார். நான்காம் மாதம் பாதி, பிறகு பாதி. ஐந்தாம் மாதம் வேலை போய்விட்டது என்றார், அதோடு சரி. ஆறு மாதத்துக்கு 1,800 வெள்ளி துண்டு. நடத்தியவர் நல்ல மனிதர், இரண்டு மாதம் தன் கையிலிருந்து 600 போட்டார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. கடைசி நான்கு பேரும் ஆளுக்கு 300 இழந்து 2,700 பெற்றோம்.

எங்களுக்கு வலித்தது 300 வெள்ளி அல்ல. அந்த ஒரு வாரத் தாமதம் எங்களுக்குத் தெரியாமலே போனதுதான். ஒருவரின் மானம் போகக்கூடாது என்று நடத்தியவர் மறைத்துவிட்டார். மூன்றாம் மாதமே தெரிந்திருந்தால் அவருடைய அண்ணனை அழைத்துப் பேசியிருப்போம்.

அதன்பிறகு சேரும் முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பத்துப் பேரின் பெயரும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்; ஒரே ஆள் இரண்டு மூன்று பெயரில் இடம் பிடித்திருந்தால் ஒதுங்கிவிடுவோம். பத்து மாதத்துக்கும் குலுக்கலை முதல் நாளே முடித்துவிட வேண்டும். முதல் மூன்று இடத்தில் எடுப்பவருக்காக வேறொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். யார் எந்தத் தேதியில் கட்டினார் என்ற நோட்டு மாதாமாதம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். பழைய கூட்டு முடியும் முன்பே நடத்துபவர் புதுக் கூட்டுக்கு ஆள் பிடித்தால், பழையதன் துண்டைப் புதியதில் அடைக்கிறாரோ என்று சந்தேகப்படலாம்.

சட்டமும் உண்டு. 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடுக்கிறது. (நம் தமிழ்ச் சொல்லே மலேசியச் சட்டத்தின் பெயரில் ஏறியிருக்கிறது, எதற்காக என்பதுதான் பெருமைப்பட முடியாத விஷயம்!) முகம் தெரியாதவர்களைச் சேர்த்துக் கமிஷன் வாங்குபவர் அந்தச் சட்டத்தின் வாயில் நிற்கிறார். இந்தியாவில் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து சீட்டு நடத்தலாம். ஊரில் இருக்கும் சொந்தங்கள் சொல்வதை வைத்து இங்கேயும் அப்படியே என்று எண்ணிவிடக்கூடாது.

வீட்டுக் கணக்கில் கூட்டை எங்கே வைப்பது? அவசரப் பணமாக வைக்க முடியாது. காய்ச்சல் நம் குலுக்கல் மாதம் பார்த்து வருவதில்லை. மூன்று மாதச் செலவு முதலில் வங்கியில் இருக்கட்டும். அங்கே 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் காப்புறுதி உண்டு, கூட்டுக்கு எதுவும் கிடையாது. ஹஜ்ஜுக்குத் தாபோங் ஹாஜி இருக்கிறது. தேதி தெரிந்த செலவுக்குத்தான் கூட்டு பொருந்தும்: காரின் ரோட்டு வரி, இன்சூரன்ஸ், பெருநாள் துணிமணி, எங்களைப் போன்றோருக்குப் பெருநாள் சரக்கு. கையில் நின்றால் கரைந்துவிடும் பணத்தை அது கட்டிப் போடுகிறது.

ஒருவர் கட்டாமல் போனாலும் நம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அந்த அளவுக்குள்தான் மாதத் தொகை. நாங்கள் இப்போது ஒரே கூட்டில் இருக்கிறோம், மாதம் 200 வெள்ளி. பெருநாளுக்கு முந்திய மாதம் எங்களுக்கு விழவில்லை. அது விழுந்த அக்காவிடம் கேட்டோம், அவருக்குப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் இரண்டு மாதம் கழித்துத்தான். எல்லோர் முன்னிலையிலும் நோட்டில் எழுதி மாற்றிக்கொண்டோம்.