சிறையிலிருந்து பரீட்சை எழுத: அனுமதியும் புத்தகமும்
(மாதாந்திர நலக்கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து நம் அலுவலகத்துக்கு வரும் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் புழல்ல இருக்கான் பாய், பரீட்சை வருது. இந்த வருஷம் போச்சா?" போகவில்லை என்பதே நம் பதில். 2025-இல் தமிழகச் சிறைகளிலிருந்து 237 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி, 230 பேர் தேர்ச்சி பெற்றார்கள். சிறைவாசி படிக்கத் தடையில்லை. காகிதம் நேரத்துக்கு நகராததால்தான் பெரும்பாலும் வருஷம் வீணாகிறது.

முதலில், எழுதப்போவது எந்தப் பரீட்சை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளித் தேர்வும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத் தேர்வும் சிறைக்குள்ளேயே நடக்க வழியுண்டு. கல்லூரியில் சேர்ந்து நேரடியாகப் படித்தவரின் செமஸ்டர் தேர்வு சிறைக்குள் வராது. அவரைத்தான் வெளியே அழைத்துப் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் அனுமதி தருகிற இடம் வேறு.

பள்ளித் தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. சிறைவாசி தனித்தேர்வராக எழுதுகிறார். சிறைக் கண்காணிப்பாளருக்கு அவரே மனு எழுதிக் கொடுக்க வேண்டும். சிறையிலுள்ள ஆசிரியரும் நல அலுவலரும் விண்ணப்பத்தை நிரப்ப உதவுவார்கள். வீட்டாரின் வேலை, பழைய பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழும், முன்பு தவறியவரானால் மதிப்பெண் பட்டியலும் வாங்கித் தருவது. மார்ச், ஏப்ரல் தேர்வுக்கு விண்ணப்ப அறிவிப்பு பல வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். அதன்பின் கூடுதல் கட்டணத்துடன் தக்கல் என்று சில நாட்கள்தான் கிடைக்கும். பத்தாம் வகுப்பை முதல்முறை எழுதுபவர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். செய்முறைக்கு 25 மதிப்பெண். அதில் 15 வாங்காவிட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் அறிவியலில் தேர்ச்சி இல்லை. இதை மனுவிலேயே கேளுங்கள்.

பட்டம் படிக்க விரும்புவோருக்கு இக்னோவும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இக்னோ சிறைவாசிகளுக்குக் கட்டணச் சலுகை தருகிறது. சேரும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமே எளிது.

இப்போது கல்லூரி மாணவர். ஓர் உதாரணம் சொல்கிறோம். பொன்னேரிப் பக்கம் டிப்ளமோ இறுதியாண்டு படிக்கும் பிள்ளை ஒரு வழக்கில் புழல் இரண்டாம் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான் என்று வையுங்கள். நான்கு தாள்கள் எழுத வேண்டும். விசாரணைக் கைதி நீதிமன்றக் காவலில் இருப்பவர் என்பதால், வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில்தான் வக்கீல் மனுப் போட வேண்டும். வக்காலத்தில் பிள்ளை சிறை அதிகாரி முன் கையெழுத்திட்டுச் சான்று பெற ஒன்றிரண்டு நாள் போகும். மனுவோடு ஹால் டிக்கெட் நகல், கால அட்டவணை, கல்லூரி முதல்வரின் கடிதம் வைக்க வேண்டும். நான்கு தேதிகள், நேரம், மையத்தின் முகவரி எல்லாவற்றையும் கோரிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள். 'தேர்வு எழுத அனுமதி' என்று மட்டும் உத்தரவு வந்தால், முதல் தாளுக்குப் பிறகு மறுபடி நீதிமன்றம் போகும்படி ஆகலாம்.

உத்தரவு கிடைத்தாலும் வேலை முடியவில்லை. அதன் நகல் சிறைக்குப் போய், அங்கிருந்து வழிக்காவல் கேட்டுக் காவல்துறைக்குக் கடிதம் போக வேண்டும். காவலர் வராவிட்டால் அன்றைய தாள் போய்விடும். ஆகவே தேர்வுக்கு முந்தின நாள், வழிக்காவல் உறுதியாகிவிட்டதா என்று வக்கீல் மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் ஜாமீன் கிடைத்தாலும் கவனம் தேவை. சிறையை மையமாகப் போட்டு விண்ணப்பித்தவர், வெளியே வந்ததும் எந்த மையத்தில் எழுதுவது என்று உடனே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புத்தகத்தை மனு பார்க்கப் போகும்போது நேராகக் கையில் கொடுக்க முடியாது. சோதனைக்குப் பிறகே உள்ளே போகும். அரசுப் பாடநூலாகவோ, கல்லூரிப் பாடத்திட்டத்தில் உள்ளதாகவோ பார்த்து, முதலில் பட்டியலைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். தாள் செருகிய பழைய நோட்டுகளைத் தவிருங்கள்.

இந்தப் படிப்பு பின்னால் எங்கே கணக்கில் வரும் என்று கேட்பவர்கள் உண்டு. பேரறிவாளன் 2012-இல் வேலூர்ச் சிறையிலிருந்து பிளஸ் டூ எழுதி 1200-க்கு 1096 மதிப்பெண் வாங்கினார். 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் தந்தபோது, சிறையில் அவர் பெற்ற கல்வித் தகுதியையும் கருத்தில் கொண்டது. சிறையில் வாங்கிய சான்றிதழ் நீதிமன்றத்திலும் பேசும்.

பிள்ளை உள்ளே இருக்கும் வீட்டார், தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் பழைய மதிப்பெண் பட்டியலோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதிக் கொடுப்போம், புத்தகமும் வாங்கித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.