ரியாலில் சம்பளம், ரூபாவில் கடன்

(தோட்ட மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது லயங்களில் பல வீடுகளில் ஒருவராவது சவூதியிலோ குவைத்திலோ வேலை செய்கிறார். அங்கிருந்துகொண்டே வீடு கட்டவோ ஆட்டோ வாங்கவோ இங்கே வங்கியில் கடன் எடுக்கிறார்கள். அற்றோனித் தத்துவம் எழுதிக் கொடுத்து, கணவரோ தாயாரோ இங்கே கையொப்பம் போடுகிறார்கள். இந்தக் கடனைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

சவூதி ரியால் டொலரோடு கட்டப்பட்ட காசு. ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்பது பல வருடங்களாக மாறவில்லை. ஏறி இறங்குவது நமது ரூபாதான். 2022 தொடக்கத்தில் ஒரு ரியாலுக்கு ஏறத்தாழ 53 ரூபா கிடைத்தது. நெருக்கடி வந்து, அந்த வருட நடுப்பகுதியில் அது 96 ரூபா வரை போனது. 2024 முடிவில் 78 ரூபா அளவுக்கு இறங்கிவிட்டது.

ரூபா பலம் பெறுவது நாட்டுக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். ரியாலில் சம்பளம் வாங்கி ரூபாவில் கடன் கட்டுகிறவருக்கு அது சுமை. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன ஒரு சகோதரி 1,000 ரியால் சம்பளத்தில் 800 ரியாலை வீட்டுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2022 கடைசியில் 5 இலட்சம் ரூபா கடன் எடுக்கிறார். வட்டி 25 வீதம், 3 வருடத் தவணை. மாதம் கிட்டத்தட்ட 20,000 ரூபா கட்டவேண்டும். அப்போது 800 ரியாலுக்கு 76,800 ரூபா கிடைத்தது. தவணை போக வீட்டுச் செலவுக்கு 56,800 மிஞ்சியது. இரண்டு வருடம் கழித்து அதே 800 ரியாலுக்குக் கிடைப்பது 62,400 ரூபா. தவணை அதே 20,000. மிஞ்சுவது 42,400.

அவருடைய சம்பளம் ஒரு ரியால்கூடக் குறையவில்லை. ஆனால் வீட்டுக்கு மாதம் 14,400 ரூபா குறைந்துவிட்டது. 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால், இது பத்து நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. வீட்டிலோ, "அனுப்புகிற காசு குறைகிறதே, அவள் எங்கே செலவழிக்கிறாள்?" என்று சந்தேகப்படுகிறார்கள். கடனோடு குடும்பச் சண்டையும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே கையொப்பம் போடுவதற்கு முன் மூன்று காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, இன்றைய வீதத்தில் கணக்குப் போடாதீர்கள். ரியாலுக்கு 80 ரூபா கிடைத்தால் 65 ரூபா என்று வைத்துப் பாருங்கள். அப்போதும் தவணையைக் கட்டி அரிசி, பள்ளிச் செலவைச் சமாளிக்க முடிந்தால்தான் அந்தக் கடன் உங்களுக்குத் தாங்கும். முடியாவிட்டால் தொகையைக் குறையுங்கள்.

இரண்டாவது, வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்று கேளுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. 2023 ஜூன் முதல் வட்டி குறைக்கப்பட்டது. ஆனால் நிலையான வட்டியில் எடுத்த நமது சகோதரிக்குத் தானாக எதுவும் குறையாது. வங்கிக்குப் போய், வட்டியைக் குறைக்க முடியுமா, முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு கட்டணம் என்று அவர் சார்பில் கேட்கவேண்டும்.

மூன்றாவது, பிணையாள். லயக் காம்பிராவுக்கு நம்மிடம் உறுதிப்பத்திரம் இல்லாததால், அதை ஈடுவைக்க முடியாது. அதனால் பக்கத்து வீட்டு அண்ணனோ மாமாவோ பிணை நிற்கிறார். எஜமான் இரண்டு மாதம் சம்பளம் கொடுக்காவிட்டால், வங்கிக் கடிதம் அவர் வீட்டுக்கும் வரும். அவருடைய பெயரும் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் கெட்டுப்போகலாம். ஆகவே முதல் தவணைக்கு முன்பே மூன்று மாதத் தவணைக் காசை ஒரு தனிக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். நமது கணக்கில் அது 60,000 ரூபா. கடன் வாங்கிய காசிலிருந்தே ஒதுக்கினாலும் பரவாயில்லை.

ஒரு அடையாளத்தை மட்டும் கவனியுங்கள். தவணை கட்டுவதற்காகத் தோடு அடகுக்குப் போனால், அல்லது குழுக்கடன் எடுக்கப்பட்டால், அந்தக் கடன் கைமீறிக்கொண்டிருக்கிறது. தவணை தவறும்வரை காத்திருக்காமல் வங்கி முகாமையாளரைச் சந்தித்து, தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். காலம் நீண்டால் மொத்த வட்டி கூடும், ஆனால் மாதத் தவணை குறையும். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகப் பணம் வந்த பற்றுச்சீட்டுகளைக் கூடவே கொண்டுபோங்கள். உண்டியலில் அனுப்பிய பணத்துக்கு அப்படிக் காட்ட எந்தச் சீட்டும் இருக்காது.

தலைவிமாரே, உங்கள் டிவிஷனில் யாராவது இப்படிக் கடன் எடுக்கப்போவதாகத் தெரிந்தால், பத்திரத்தைக் கையொப்பத்துக்கு முன்பே சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட அரை மணித்தியாலம் போதும்.