கார் சார்ஜ் ஆகும்போது மெயின் விழாமல் இருக்க

திருப்பதியிலும் சித்தூரிலும் புதிதாகக் கட்டும் வீடுகளின் போர்டிகோவில் இப்போது சுவரோடு பொருத்திய ஒரு சிறு பெட்டியைப் பார்க்க முடிகிறது. மின்சார காருக்கான சார்ஜர் அது. வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுமதியில் சிக்கல் இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ராத்திரி பத்து மணிக்கு ஏ.சி. ஓடுகிறது, காரும் சார்ஜ் ஆகிறது, யாரோ குளிக்க கீஸர் போடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மெயின் எம்.சி.பி. விழுந்து வீடு முழுக்க இருட்டாகிவிடுகிறது.

உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறோம். "நாற்பதை எடுத்துட்டு அறுபத்து மூணு போட்டுடலாம் சார், விழவே விழாது" என்கிறார். விழாதுதான். ஆனால் அந்த எம்.சி.பி. காவல் காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. நாற்பது ஆம்பியருக்குப் போட்ட வயரில் ஐம்பது, ஐம்பத்தைந்து என்று மணிக்கணக்கில் ஓடினால் வயரின் மேலுறை இளகும், இணைப்பு முனைகள் கருகும். மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடும், கீஸர் பதினைந்து நிமிடம் ஓடும். கார் அப்படியல்ல, ஐந்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். இதற்கு முன் நம் வீடுகளில் இப்படி ஒரு சாதனம் இருந்ததே இல்லை. அதனால் தயவுசெய்து அந்த யோசனைக்குச் சம்மதிக்காதீர்கள்.

வேறு வழி இருக்கிறது. வீடு எவ்வளவு எடுக்கிறது என்பதைப் பார்த்து, மிச்சம் இருப்பதை மட்டும் காருக்குக் கொடுக்கும் ஏற்பாடு. டைனமிக் லோடு பேலன்சிங் என்று விற்பனையாளர்கள் சொல்வது இதைத்தான். இது எப்படி வேலை செய்கிறது என்று இன்று சொல்கிறேன். எங்கே ஏமாற்றும் என்பதையும் சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று ஃபேஸ் இணைப்பு, ஒவ்வொரு ஃபேசுக்கும் 40 ஆம்பியர் தாங்கும் நான்கு முனை மெயின் எம்.சி.பி. ஒரு ஃபேசில் லோடு மிஞ்சினாலும் நான்கு முனையும் சேர்ந்தே விழும் என்பதை நினைவில் வையுங்கள். சுவர் சார்ஜர் 7.2 கிலோவாட், ஒரே ஃபேசில் ஓடுவது. முழு வேகத்தில் அது 32 ஆம்பியர் வரை இழுக்கும். அதே ஃபேசில் படுக்கையறை ஏ.சி.க்கு 7 ஆம்பியர், ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்குகளுக்கு 2 ஆம்பியர். கூட்டினால் 41. கீஸர் போட்டால் இன்னொரு 9. ஆக மொத்தம் 50.

இங்கே ஒரு விஷயம் பலருக்குக் குழப்பமாக இருக்கிறது. நாற்பது என்று எழுதிய எம்.சி.பி. நாற்பத்தொன்றில் உடனே விழாது. அது செய்யப்படும் தரநிர்ணயத்தின்படி, எழுதிய அளவைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். நம் ஐம்பது ஆம்பியர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. மேலும் அந்த அளவெல்லாம் 30 டிகிரி வெப்பத்தில் நிர்ணயித்தவை. மே மாதத்தில் திருப்பதியில் மேற்குப் பார்த்த சுவரில் பதித்த இரும்புப் பெட்டி என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே இருக்கும் எம்.சி.பி. ஏற்கெனவே சூடாக இருப்பதால் இன்னும் சீக்கிரம் விழும். "மார்கழியில் நல்லாத்தானே இருந்தது, இப்போ மட்டும் ஏன் விழுது" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இதனால்தான் சார்ஜரில் எல்லையை 40 என்று வைக்காமல் 36 என்று வைப்பது நல்லது.

இனி அந்த ஏற்பாட்டுக்கு வருவோம். மீட்டருக்கு அடுத்து, வீட்டின் கிளைகள் பிரிவதற்கு முன்னால், ஃபேஸ் வயரைச் சுற்றி ஒரு சிறு வளையம் மாட்டுகிறார்கள். சி.டி. என்பார்கள். வயரை வெட்டாமலே, உள்ளே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அது அளந்து சார்ஜருக்குச் சொல்லும். மீட்டரில் மின்வாரிய முத்திரை இருக்கும். அதைத் தொடாமல், நம் பக்கத்து வயரில்தான் இதை மாட்ட வேண்டும்.

சார்ஜர் கணக்குப் போடுகிறது. எல்லை 36, வீடு எடுப்பது 9, மிச்சம் 27. இதைக் காருக்கு எப்படிச் சொல்வது? சார்ஜிங் கேபிளுக்குள் கரண்ட் போகும் தடித்த கம்பிகளோடு ஒரு மெல்லிய கம்பியும் இருக்கிறது. அதில் சார்ஜர் நொடிக்கு ஆயிரம் முறை மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் ஏறி நிற்கும் நேரம் எத்தனை சதவீதமோ, அதை 0.6 ஆல் பெருக்கினால் கார் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆம்பியர். 27 ஆம்பியர் என்றால் 45 சதவீதம். ஐ.எஸ். 17017 என்ற இந்தியத் தரநிர்ணயமும் உலக வழக்கத்தை ஒட்டிய இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. அதனால் சார்ஜர் ஒரு நிறுவனத்துடையது, கார் இன்னொரு நிறுவனத்துடையது என்றாலும் பேச்சுவார்த்தை தடையில்லாமல் நடக்கும். இதில் கவனிக்க வேண்டியது, சார்ஜர் கரண்டைக் குறைப்பதில்லை. "இதற்கு மேல் எடுக்காதே" என்று சொல்கிறது, கார்தான் குறைத்துக்கொள்கிறது, அதுவும் சில நொடிகளுக்குள்.

கீஸர் போட்டார்கள், 9 ஆம்பியர் ஏறியது. சார்ஜர் 30 சதவீதத்துக்கு இறங்கியது, கார் 18 ஆம்பியருக்கு வந்தது. தொட்டி நிரப்ப மோட்டார் போட்டார்கள், இன்னொரு 6. இப்போது 20 சதவீதம், கார் 12 ஆம்பியர். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் பல மடங்கு இழுக்குமே என்று கேட்கலாம். இழுக்கும், ஆனால் அது ஒரு நொடி விவகாரம், எம்.சி.பி. அதைப் பொறுத்துக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். அடுத்து சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, இன்னொரு 9. காருக்கு மிச்சம் 3 ஆம்பியர். இங்கே ஒரு வரம்பு இருக்கிறது: இந்த முறையில் 6 ஆம்பியருக்குக் கீழே சொல்ல வழியே இல்லை. அதனால் சார்ஜிங் நின்றுவிடும். அடுப்பை அணைத்ததும் உடனே தொடங்காது, சில நிமிடம் பொறுத்துத்தான் தொடங்கும். அடுப்பு விட்டு விட்டு எரியும்போதெல்லாம் சார்ஜரும் நின்று நின்று ஓடக்கூடாது என்பதற்காக அந்தக் காத்திருப்பு. பெட்டிக்குள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "டக் டக்" என்று சத்தம் கேட்டால், காத்திருப்பு நேரம் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பொருத்தியவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இதனால் கார் நிரம்புமா என்ற கவலை வேண்டாம். 27 ஆம்பியர் என்பது ஏறத்தாழ 6.2 கிலோவாட். 30 யூனிட் பேட்டரி காலியாக இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டாரும் கீஸரும் போடும்போது கார் தன் வேலையை முடித்திருக்கும்.

இத்தனையும் அந்த வளையம் சரியான இடத்தில், சரியாக இருந்தால்தான். அங்கேதான் நம் ஊரில் தப்பு நடக்கிறது.

முதலாவது, ஃபேசும் நியூட்ரலும் ஒட்டி வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டுவிடுவது. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும், வளையம் பூஜ்யம் என்று சொல்லும். வளையத்தின் வாய் முழுதாக மூடாமல் இடைவெளி இருந்தாலும் அளவு குறைவாக வரும். பூஜ்யம் என்றால் சார்ஜருக்கு வீடு காலியாக இருப்பதாக எண்ணம். முழு 32 ஆம்பியரையும் காருக்குக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, நம் வீடுகளுக்கே உரிய ஒன்று. ஒரு ஃபேசில் கரண்ட் போனால் இன்னொன்றுக்குத் திருப்பிக்கொள்ள ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் வைத்திருக்கிறோம். நகரி, புத்தூர் பக்கம் இது இல்லாத மூன்று ஃபேஸ் வீடு குறைவு. சார்ஜரை இந்தச் சுவிட்சுக்குப் பின்னால் இணைத்து, வளையத்தை முன்னால் ஒரே ஃபேசில் மாட்டியிருந்தால் என்ன ஆகும்? சுவிட்சைத் திருப்பியதும் காரும் வீடும் சேர்ந்து இரண்டாவது ஃபேசுக்குப் போய்விடும். வளையம் முதல் ஃபேசிலேயே நின்று, வெறும் வயரை அளந்துகொண்டிருக்கும். சார்ஜரை அந்தச் சுவிட்சுக்குப் போகாமல் நேரடியாக ஒரு ஃபேசில் இணைக்கச் சொல்லுங்கள். அல்லது மூன்று ஃபேசிலும் வளையம் மாட்டி, மூன்றில் எது அதிகமோ அதை வைத்துக் கணக்குப் போடும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

கூரையில் சூரியப் பலகை வைத்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நண்பகலில் கரண்ட் வீட்டிலிருந்து வெளியே போகிறது. திசை அறியாத வளையம் அதையும் வீட்டுச் செலவு என்று எண்ணி, வெயில் கொளுத்தும் நேரத்தில் காரைப் பட்டினி போடும். வளையத்தின் மேல் அம்புக்குறி இருக்கும், அது வீட்டுப் பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். கார் சார்ஜ் ஆகும்போது சார்ஜரின் ஆப்பில் ஆம்பியரைப் பார்த்துக்கொண்டே கீஸரைப் போடச் சொல்லுங்கள். கீஸரும் சார்ஜரும் ஒரே ஃபேசில் இருக்க வேண்டும், கீஸரைப் போடும் முன் ஆப்பும் முழு 32ஐக் காட்டக்கூடாது. சில நொடிகளில் அந்த எண்ணில் ஏறத்தாழ ஒன்பது குறைய வேண்டும். குறையவில்லை என்றால் வளையத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து, வளையத்துக்கும் சார்ஜருக்கும் இடையிலுள்ள தொடர்பைத் துண்டித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வயரானாலும் வைஃபை ஆனாலும். நல்ல சார்ஜர் அப்போது 6 ஆம்பியருக்கு இறங்கும், இல்லை நின்றுவிடும். துண்டித்த பிறகும் 32 ஆம்பியர் ஓடினால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். இரண்டு சோதனையையும் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

மெயின் போர்டில் எது விழுந்தது என்றும் பாருங்கள். டெஸ்ட் பட்டன் இருக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால் அது கரண்ட் கசிவு. லோடு பேலன்சிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திரும்பத் திரும்ப ஏற்றிவிடாமல் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வளையத்தால் பார்க்க முடியாத ஒன்றும் உண்டு: தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். வீட்டின் லோடு கூடியிருக்கிறது என்பதை உங்கள் செக்‌ஷன் ஆபீசில் சொல்லி, அனுமதிக்கப்பட்ட கிலோவாட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மண்டல மின் விநியோக நிறுவனத்துக்கு, எந்த டிரான்ஸ்ஃபார்மரில் எவ்வளவு ஏறுகிறது என்று அப்போதுதான் தெரியும். கரண்ட் போய் வந்ததும் தெரு முழுக்க ஏ.சி.யும் காரும் ஒரே நொடியில் இழுத்தால் அதே டிரான்ஸ்ஃபார்மர்தான் தாங்க வேண்டும். பிரிட்டனில் 2022லிருந்து வீட்டு சார்ஜர்கள் பத்து நிமிடம் வரை ஆளுக்கொரு தாமதத்தோடு தொடங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் சார்ஜரில் அப்படி ஒரு அமைப்பு இருந்தால் அதை இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் டைமரில் பத்து மணி என்று வைக்காமல், பத்து மணி பதினேழு நிமிடம் என்பதுபோல் உங்களுக்குத் தோன்றிய ஒரு நேரத்தை வையுங்கள்.