ஐயாயிரம் லீற்றர்: இதில் எது பிழை?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான நீர்ப் பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



என் தொழில் மழைநீர்ச் சேகரிப்பு. வெளிநாட்டிலுள்ள எங்கள் பழைய மாணவிகளிடமிருந்து வருடா வருடம் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணறு உவர்த்துப் போச்சு. மழைத்தண்ணிக்கு எவ்வளவு பெரிய தாங்கி கட்டவேணும்?"

முன்பெல்லாம் பதினான்கு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை அனுப்பிவிடுவேன். கூரையின் பரப்பு, ஓட்டின் வகை, பீலியின் நீளம், கிணற்றின் ஆழம் என்று போகும். பொறுப்பான பொறியியலாளர் அப்படித்தான் செய்யவேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு தங்கை புரட்டாதியில் கேட்டாள். தாள் போனது, பதில் வரவில்லை. தை பிறந்தபின் நானே அழைத்தேன். "அக்கா, கூரையை அளக்க அங்கை ஆர் இருக்கினம்? அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது" என்றாள். அந்த வருடத்து மாரி மழை முழுவதும் முற்றத்தால் ஓடிப் போயிருந்தது. அடுத்த மாரி வரை அந்த அம்மா தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் குடித்தார்.

அதன்பின் முறையை மாற்றினேன். மறு வருடம் லண்டனிலிருந்து ஓர் அக்கா கேட்டபோது, அன்றைக்கே இப்படி எழுதினேன்:

"5,000 லீற்றர் தாங்கி போதும். வீட்டில் 4 பேர், ஒருவருக்கு நாளுக்கு 8 லீற்றர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும், பயன்தரும் மழையில்லாத நாட்கள் 150 என்று வைத்துக்கொண்டேன். பெருக்கினால் 4,800 வரும். குளிக்கவும் துவைக்கவும் இதே நீர்தான் என்றால் ஒருவருக்கு நாளுக்கு 100 லீற்றராகும், தாங்கி 60,000 லீற்றருக்குப் போகும். அதை நான் கட்டச் சொல்லமாட்டேன். இவற்றில் எது பிழை?"

கூரையைப் பற்றி இதில் ஒன்றுமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு சதுர மீற்றரில் விழும் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் ஐந்திலொரு பங்கு வீணாய்ப் போனாலும், 125 மில்லிமீற்றர் மழை அந்தத் தாங்கியை நிரப்பிவிடும். யாழ்ப்பாணத்தில் கார்த்திகை மழை மட்டுமே வழக்கமாக அதைவிடக் கூட. நான் கேட்டுக்கொண்டிருந்த பதினான்கில் பெரும்பாலானவை விடையை அசைக்கவே அசைக்காத கேள்விகள். பதிலை முதலில் எழுதிப் பார்த்தபிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

அக்காவின் மறுமொழி ஒரு மணித்தியாலத்தில் வந்தது. "நாலு பேர் இல்லையடி, மாமி தனியத்தான். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு நாங்கள் எட்டுப் பேர் வந்து இருபது நாள் நிற்போம்." மாமிக்கு 1,200, விருந்தினருக்கு 1,280, ஆக 2,480 லீற்றர். மூவாயிரம் லீற்றர் தாங்கி கட்டினார்கள். திருவிழா என் பதினான்கு கேள்விகளில் இருக்கவில்லை. நான் நாலு பேர் என்று பிழையாக எழுதியதால்தான் அது வெளியே வந்தது.

அவர் எனக்கு மூத்தவர், கூசாமல் திருத்தினார். தங்கைமார் அப்படியல்ல. "சரிதானே?" என்று கேட்டால், "அக்கா சொன்னால் சரிதான்" என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் வளர்ந்த முறை அது, இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அதில் பங்குண்டு! (சிரிப்பு) அதனால்தான் "எது பிழை?" என்று கேட்கிறேன். ஒன்று பிழையென்று நானே ஒத்துக்கொண்டது போலிருக்கும். இன்ன எண் மாறினால் விடை இன்னபடி மாறும் என்றும் எழுதிவிடுவேன். எதைத் திருத்துவது பெறுமதி என்று அவர்களுக்குத் தெரியவேண்டுமே.

எல்லா வேளையும் இப்படிச் செய்வதில்லை. ஒருமுறை ஒரு மாணவியின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். நிலத்தடித் தாங்கிக்குக் குழி வெட்டுகிறார்கள், பக்கத்தில் மேசன் நிற்கிறார். "எவ்வளவு ஆழம் போகலாம் அக்கா?" ஓர் ஆழத்தைச் சொல்லி, 'மலகூடக் குழி தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டேன்' என்று சேர்த்திருக்கலாம். ஆனால் ஆழம் மட்டும்தான் மேசனின் காதுக்குப் போயிருக்கும், மிச்சத்தைக் கேட்க அவர் காத்திருக்கமாட்டார். எங்கள் நிலத்தடி வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். மலக்குழியின் கசிவு அதனூடே இலகுவாய் ஓடும், தாங்கியின் சுவரில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு விழுந்தாலே உள்ளே வந்துவிடும். தண்ணீரைப் பார்த்து அதை அறியமுடியாது, தெளிவாகவே இருக்கும்.

அதனால் ஆழம் சொல்லவில்லை. "தம்பி, மலகூடக் குழி எங்கை இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவர் மேசனிடம் சொல்வது கேட்டது: "அண்ணை, மண்வெட்டியை வையுங்கோ."

அந்தத் தாங்கி இப்போது முற்றத்தில், நிலத்துக்கு மேலே நிற்கிறது.