உறக்க மருந்தும் மூச்சும்

1969 ஜூன் 22 அன்று இலண்டனில் நடிகை ஜூடி கார்லண்டு உயிர்நீத்தார். செக்கோபார்பிட்டால் என்னும் உறக்க மருந்து தற்செயலாக அளவு மிஞ்சியதே காரணம் என விசாரணையில் முடிவாயிற்று. அது பார்பிட்டுரேட் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினம் அத்துணை எளிதில் உயிரைப் பறிப்பது ஏன்?

மூளையின் நரம்பணுக்களில் குளோரைடு அயனிகள் நுழைவதற்கு நுண்ணிய வாயில்கள் உண்டு. காபா என்னும் பொருள் வந்து பற்றினால் வாயில் திறக்கும்; அயனிகள் உட்புகும்; அணுவின் கிளர்ச்சி அடங்கும். பார்பிட்டுரேட்டோ, திறந்த வாயிலை நெடுநேரம் மூடவிடாது. அளவு மிகுந்தால், காபா வராமலேயே தானே வாயிலைத் திறந்துவிடும். அப்புறம் தடுப்பார் யார்? மூச்சை இயக்கும் முகுளமும் அடங்கிப்போகும். நெடுநாள் உண்பவர்க்கு உறக்கத்திற்கு வேண்டிய அளவு ஏறிக்கொண்டே போகும். கொல்லும் அளவோ அவ்வளவாக ஏறாது. இடைவெளி குறுகிவிடுகிறது.

1960-இல் விற்பனைக்கு வந்த லிப்ரியம் முதலியவை பென்சோடயசபீன் இனம். இவை அவ்வாயிலின் வேறோரிடத்தில் பற்றி, காபா வரும்போது வாயில் அடிக்கடி திறக்கத் துணை செய்யும், அவ்வளவே. காபா இல்லையேல் இவற்றுக்கு வேலையில்லை. மூளை தரும் காபாவோ அளவுடையது. ஆதலால் அளவு மிஞ்சினாலும், இவற்றால் மட்டுமே மூச்சு நிற்பது அரிது.

‘மட்டுமே’ என்றேன், கவனியுங்கள். மதுவோ அபின் வகை மருந்தோ உடன் சேர்ந்தால், அவை வேறு வழிகளாலும் மூச்சை ஒடுக்குவன. அப்போது இந்த வேலி நில்லாது.